எனக்கு வந்தது மூளையில், அவளுக்கு வந்தது கண்ணில்

நான் கட்டியதையெல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை என்பது என் அனுபவம்.

அரியமங்கலத்தில் ஒரு தகரச் சாய்ப்பு, ஒரு வெல்டிங் மிஷின், அதுவும் வாடகை மிஷின். அங்கிருந்து தொடங்கிய பட்டறை இன்று இரண்டு பெரிய ஷெட். கே.கே. நகரில் பாதி வீடுகளுக்குக் கேட் நான் போட்டது. மீதி வீடுகளுக்கு நான் போடவில்லை என்பது அந்தக் கேட்டுகளைப் பார்த்தாலே தெரியும். முசிறியில் ஒரு கல்யாண மண்டபம். நடுவில் தூண் இல்லாமல் கூரை நிற்காது என்று படித்தவர் ஒருவர் அடித்துச் சொன்னார். நிற்க வைத்தேன். மழைக்கு ஒழுகும், அது வேறு விஷயம், நிற்கிறது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் போகிற வழியில் மாடியோடு ஒரு வீடு. ஒரே மகளைப் பொறியாளர் ஆக்கிச் சென்னையில் வேலைக்கும் அனுப்பினேன். இத்தனைக்கும் மருங்காபுரிப் பக்கத்துப் புஞ்சைக் காட்டில் பிறந்தவன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆறில் கணக்கு வாத்தியாரும் நானும் ஒருவரையொருவர் கைவிட்டோம்.

இவ்வளவும் கட்டியது என் வலது கண் என்று நான் சொல்வதுண்டு. இரும்புச் சட்டம் நேராக இருக்கிறதா என்று பார்க்க மட்டப்பலகை, நூல் எல்லாம் மற்றவர்களுக்குத்தான். நான் சட்டத்தின் ஒரு முனையைத் தூக்கிக் கன்னத்தோடு வைத்து, இடது கண்ணை மூடி, வலது கண்ணால் நீளவாக்கில் ஒரு பார்வை பார்ப்பேன். நூலளவு வளைவு இருந்தாலும் சொல்லிவிடுவேன். பட்டறையில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். ஆனால் என் கண் சொன்னால் மறுபேச்சு கிடையாது. சம்பளம் தருகிறவனின் கண் என்பதாலும் இருக்கலாம்.

அந்தக் கண்ணில்தான் ஒருநாள் முற்பகல் கோளாறு வந்தது. வந்ததாக நினைத்தேன்.

ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கேட். சட்டத்தைத் தூக்கி, இடது கண்ணை மூடிப் பார்க்கிறேன், சட்டத்தின் நடுவில் ஒரு துண்டைக் காணோம். தேய்த்துப் பார்த்தேன். அந்த இடத்தில் ஒரு சின்ன வெளிச்சப் பொட்டு மினுமினுத்தது. சட்டத்தைக் கீழே வைத்து இரண்டு கண்ணையும் திறந்தேன். போகவில்லை. கொஞ்ச நேரத்தில் பொட்டு வளைந்து பிறை மாதிரி ஆயிற்று. பிறையின் ஓரமெல்லாம் ரம்பப் பல். அந்தப் பற்கள் சும்மா இருக்கவில்லை. துடித்துக்கொண்டே மெல்ல மெல்ல விரிந்து வலது பக்கமாக நகர்ந்தன. பிறைக்கு உள்ளே ஒன்றும் தெரியவில்லை. எதிரே நின்ற மேஸ்திரியின் முகத்தில் பாதி இல்லை. அந்த மனிதர் முகத்துக்கு அது நஷ்டமில்லை.

"என்ன முதலாளி, ஒரு மாதிரி பாக்கறீங்க?"

"ஆர்க் அடிச்சிருச்சுடா."

"ஆர்க் அடிச்சா ராத்திரியில்ல மணல் கொட்டின மாதிரி உறுத்தும்? நீங்க இன்னைக்கு வெல்டிங் பக்கமே போகலையே."

எனக்கும் அது தெரியும். வெல்டிங் வெளிச்சம் கண்ணில் அடித்தால் எரியும், நீர் ஊற்றும், கண்ணைத் திறக்க முடியாது. இது எரியவில்லை, வலிக்கவில்லை. ஆனாலும் இத்தனை வருஷம் நெருப்பைப் பார்த்த கண், கடைசியில் கணக்கைத் தீர்க்கிறது என்றே நினைத்தேன். வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஸ்கூட்டரை எடுத்தேன். வாசலில் நின்ற டெம்போவின் முன்பாதி மட்டும் தெரிந்தது. மேஸ்திரி சாவியைப் பிடுங்கிக்கொண்டு, "பாதி வண்டியைப் பாத்துக்கிட்டு முழு வண்டி ஓட்டக்கூடாது முதலாளி" என்றார். உட்கார்ந்தேன். ஒரு டீ குடித்தேன். அரை மணிக்குள் பிறை வலது ஓரத்துக்குப் போய், விளிம்பில் கரைந்து, இருந்த இடம் தெரியாமல் போயிற்று. மேஸ்திரியின் முகம் முழுசாகத் திரும்பி வந்தது.

மனைவி விடவில்லை. மறுநாளே தில்லைநகரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். நான் கட்டியதையெல்லாம் சொல்லத் தொடங்கினேன். முசிறி மண்டபம் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்தக் கண்ணுல தெரிஞ்சுது ஐயா?" என்றார்.

"வலது கண்ணுலங்க."

"எப்படித் தெரியும்?"

"இடது கண்ணை மூடித்தான் பாத்தேன்."

"அப்புறம் ரெண்டையும் திறந்தீங்க. அப்பவும் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க."

"வலது கண்ணை மூடிட்டு இடது கண்ணால மட்டும் பாத்தீங்களா?"

இடது கண்ணால் பார்க்கிற வழக்கம் எனக்கு இல்லை. அதைச் சொன்னேன். "வலது பக்கம்தான் ஓடிச்சுங்க. அப்ப வலது கண்ணுதானே?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மனைவிதான் சிரித்தாள். ஒவ்வொரு கண்ணும் இரண்டு பக்கத்தையும் பார்க்கிறதாம். இரண்டு கண்ணும் பார்க்கிற வலது பாதியைச் சேர்த்து வாங்கிக்கொள்வது மூளையின் இடது பின்பக்கம். அங்கே ஏதாவது நடந்தால், இரண்டு கண்ணிலும் வலது பக்கம்தான் தெரியும். ஆனால் மனிதனுக்கு அது வலது கண்ணில் தெரிகிற மாதிரியேதான் தோன்றும். பெரிய படிப்புப் படித்தவர்களும் இதே தப்பைச் செய்கிறார்களாம். அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிந்த பிறகு, நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு இரண்டு கண்ணின் உள்ளேயும் மூலை முடுக்கெல்லாம் பார்த்தார். விழித்திரை சுத்தமாக இருந்தது.

"தலைவலி வந்துச்சா?"

"எனக்குத் தலைவலி குடுத்தவங்க நிறைய பேருங்க. வந்ததில்ல."

"இது ஒத்தைத் தலைவலியோட முன் அறிகுறி மாதிரி வர்ற வெளிச்சம். மைக்ரேன். சிலருக்குத் தலைவலி வராமலே இது மட்டும் வரும். வயசானவங்களுக்கு அப்படி வர்றதுண்டு."

மனைவி என் காதோரம், "தலைவலியே இல்லாத ஒத்தைத் தலைவலியா? உங்களுக்குன்னே கண்டுபிடிச்சிருக்காங்க" என்றாள்.

அவள் சிரித்தாலும் டாக்டரம்மா அதோடு விட்டுவிடவில்லை. இந்த வயதில் முதன்முதலாக வருகிறது என்பதால் நரம்பு டாக்டரையும் பார்க்கச் சொன்னார். மூளைக்குப் போகிற ரத்தம் கொஞ்ச நேரம் தடைபட்டாலும் பார்வையில் கோளாறு வரும். அது பெரும்பாலும் சட்டென்று வரும்; இப்படிப் பொட்டில் தொடங்கி, மினுமினுத்து, மெல்ல விரிந்து நகராது. ஆனாலும் பார்த்துவிட வேண்டும் என்றார். பிரஷர், சர்க்கரை, கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேன், தலைக்கு ஒரு ஸ்கேன். எல்லாம் சரியாக இருந்தது. என் தலைக்குள் ஒன்றும் இல்லை என்று நரம்பு டாக்டர் சொன்னதை மனைவி தெருவெல்லாம் சொன்னாள்.

டாக்டரம்மா கடைசியாக இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று: அடுத்த தடவை வந்தால் பயப்படாமல் ஒரு கண்ணைக் கையால் மூடிப் பாருங்கள், பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள், வெளிச்சம் போகிற வரை வண்டி ஓட்டாதீர்கள். இரண்டு: ஒரே கண்ணில் ஓரத்தில் மின்னல் மாதிரி வெட்டினாலோ, புதிதாகக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்த மாதிரி ஒரு பக்கம் மறைத்தாலோ, அது இது இல்லை; அது விழித்திரை; அன்றைக்கே வந்துவிட வேண்டும், நாளை என்று தள்ளக்கூடாது.

முதல் விஷயத்தை நான் மனப்பாடம் செய்தேன். இரண்டாவது எனக்குச் சம்பந்தமில்லாதது என்று விட்டுவிட்டேன்.

சில மாதம் கழித்து மறுபடி வந்தது. காலைப் பத்திரிகையில் ஒரு எழுத்தைக் காணோம். பிறகு ஒரு வரியைக் காணோம். ரம்பப் பல் துடிக்க ஆரம்பித்தது. இந்தத் தடவை நான் தயார். வலது கண்ணை மூடினேன்: தெரிந்தது. இடது கண்ணை மூடினேன்: தெரிந்தது. இரண்டையும் மூடினேன், அப்போதும் உள்ளே ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. "ரெண்டு கண்ணுலயும் இருக்கு! மூளைதான்! மூளைதான்!" என்று கத்தினேன். தன்னிடம் மூளை இருப்பதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதனை ஸ்ரீரங்கம் பார்த்திருக்காது.

அதிலிருந்து நான் கண் வைத்தியன் ஆனேன். டீக்கடையில் யாராவது கண்ணைக் கசக்கினால் போதும், "கையால மூடிப் பாரு, எந்தக் கண்ணு?" என்று தொடங்கிவிடுவேன். பட்டறையில் எனக்கு 'டாக்டர் முதலாளி' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான், ஆனால் எனக்குக் கேட்கிற அளவில்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் காலை, விளக்குப் போடாத பூஜை அறையிலிருந்து மனைவி வெளியே வந்தாள். அவள் பள்ளிக்கூட நாளிலிருந்து தடித்த மைனஸ் கண்ணாடி போடுகிறவள்.

"என்னங்க, கண்ணு ஓரத்துல பளிச் பளிச்சுன்னு வெட்டுதுங்க. தலையைத் திருப்பினா வெட்டுது. இருட்டுல நல்லாத் தெரியுது."

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். வீட்டிலேயே ஒரு நோயாளி.

"பயப்படாத. அது மைக்ரேன். எனக்கு வர்றதுதான்."

"உங்களுக்கு ரம்பம் மாதிரின்னு சொன்னீங்க. இது ரம்பம் இல்ல. மின்னல் மாதிரி வெட்டிட்டுப் போயிடுது, திரும்ப வெட்டுது. கடுகு கொட்டின மாதிரி கருப்பாப் புள்ளி வேற மிதக்குது."

"ஆளுக்கு ஆள் டிசைன் மாறும். பேசாம படு, அரை மணியில போயிடும்."

படுத்தாள். அரை மணி ஆயிற்று, போகவில்லை. பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்றேன். எந்த டாக்டரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை; அந்த நேரத்துக்கு வாயில் வந்தது. அவள் எழுந்து சமைத்தாள். சாம்பாரை எட்டிப் பார்த்து, "கடுகு எது, கண்ணுல இருக்கறது எதுன்னே தெரியலை" என்றாள். அந்த நகைச்சுவையை நான் ரசித்துச் சாப்பிட்டேன்.

சாப்பாடு முடிந்தும் அவளுக்கு மின்னல் நிற்கவில்லை. முகம் வாடியிருந்தது. அவளுக்குத் தைரியம் சொல்ல வேண்டும். அதைவிட, நான் சொன்னது சரி என்று அவள் ஒப்புக்கொள்ள வேண்டும். கூடத்து ஜன்னலை எல்லாம் சாத்தி இருட்டாக்கினேன்.

"இங்க வா. நிரூபிச்சுக் காட்டறேன். வலது கண்ணைக் கையால மூடு. தலையைத் திருப்பு. தெரியுதா?"

"தெரியுது. வெட்டுது. புள்ளியும் இருக்கு."

"அதான். இப்ப இடது கண்ணை மூடு. தெரியுதா?"

"இல்ல."

"சரியாப் பாரு."

"இல்லைங்க. புள்ளியும் இல்ல. சுத்தமா இருக்கு."

"நல்லா அழுத்தி மூடிட்டுப் பாரேன்."

"இதுக்கு மேல மூடினா கண்ணு உள்ள போயிடும். வேற பதில் வேணும்னா வேற பொண்டாட்டியக் கேளுங்க."

நான் போய் ஜன்னலைத் திறந்தேன். நான் விட்டுவிட்ட அந்த இரண்டாவது விஷயம் அப்போதுதான் முழுசாகத் திரும்பி வந்தது. ஒரே கண். ஓரத்தில் மின்னல். புதிய கரும்புள்ளிகள். மூன்று அறிகுறியில் இரண்டு அவளிடம் காலையிலிருந்தே இருந்திருக்கிறது, நான் பக்கத்தில் உட்கார்ந்து சாம்பார் சாப்பிட்டிருக்கிறேன்.

"திரை மாதிரி ஏதாவது மறைக்குதா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இல்ல. ஏன்? என்ன ஆச்சு?"

"புடவையை மாத்தாத. கிளம்பு."

ஆட்டோவில் ஏறும்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. என் முகத்தைப் பார்த்து வந்திருக்கும். காவிரிப் பாலத்தில் ஆட்டோ ஏறியதும் அவள் வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு மலைக்கோட்டையைப் பார்த்தாள். பாலம் முடிகிற வரை கையை எடுக்கவில்லை. நான் கேட்கவே இல்லை. அவளாகவே, "கோட்டை தெரியுது" என்றாள். கொஞ்ச தூரம் போய் மறுபடி, "இன்னும் தெரியுதுங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியில் வரவேற்பில் 'ஒரு கண்ணில் மின்னல், புள்ளி, இன்று காலையிலிருந்து' என்று சொன்னதும் வரிசையில் நிறுத்தவில்லை, நேரே உள்ளே அழைத்துப்போனார்கள். சொட்டு மருந்து, காத்திருப்பு. விழித்திரைக்கென்று இருக்கிற டாக்டர், நடுவயதுக்காரர், வெகுநேரம் அவள் இடது கண்ணுக்குள் பார்த்தார். ஒரு சின்னக் கருவியால் இமைமேல் அழுத்தி அழுத்தி ஓரமெல்லாம் பார்த்தார். நான் வெளியே நடந்துகொண்டிருந்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் அவள் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கூப்பிட்டுச் சொன்னார். கண்ணுக்குள் கெட்டியான ஜெல் மாதிரி ஒன்று நிறைந்திருக்குமாம். வயதாக ஆக அது சுருங்கி விழித்திரையை விட்டுக் கழன்று வரும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்கு, அதிலும் தடித்த மைனஸ் கண்ணாடி போடுகிறவர்களுக்கு, கழலும்போது விழித்திரையைப் பிடித்து இழுத்துக் கிழித்துவிடும். இழுக்கிற இழுப்புதான் மின்னல். கிழியும்போது கொட்டுகிற ரத்தத் துணுக்குகள்தான் புள்ளிகள்.

"மேல்பக்கம் ஒரு கிழிசல் இருக்கு. நல்லவேளை, அது வழியா இன்னும் தண்ணி உள்ள போகலை. போயிருந்தா சுவர்ல காகிதம் உரியற மாதிரி விழித்திரை உரிஞ்சிருக்கும். அப்புறம் ஆபரேஷன்தான், பார்வை முழுசா வருமான்னு சொல்ல முடியாது. இப்பவே லேசர் போட்டுரலாம்."

"வெட்டணுமாங்க?"

"வெட்ட மாட்டோம். கிழிசலைச் சுத்தி வட்டமா சின்னச் சின்னதா சூடு வெப்போம்."

இது என் பாஷை. விரிசல் விட்ட தகட்டில் விரிசல் மேலே போகாமல் நிறுத்துவது எனக்குத் தெரியாதா? "சுத்தி புள்ளி புள்ளியா டாக் வெல்டு அடிக்கறீங்க" என்றேன்.

"அப்படியே வெச்சுக்குங்க. ஆனா உங்க வெல்டு ஆறினதும் பிடிச்சுக்கும். இது தழும்பாகி இறுக ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் சொன்னபடி பாத்துக்கணும், மறுபடி காட்டணும். புள்ளி உடனே போகாது, மின்னலும் கொஞ்ச நாள் வரலாம். கூடினாலோ, திரை விழுந்தாலோ உடனே வரணும்." பிறகு அவளைப் பார்த்து, "காலையில வந்ததுன்னீங்களே, அப்பவே வந்திருக்கலாமேம்மா?" என்றார்.

மருந்தில் விரிந்த கண்ணை என் பக்கம் திருப்பி, "வீட்டுலயே ஒரு டாக்டர் இருக்காருங்க. அவர்கிட்டக் காட்டிட்டு வர நேரமாயிடுச்சு" என்றாள் மனைவி.

வேறு வழியில்லாமல் முழுக்கதையையும் சொன்னேன். கையால் மூடிப் பார்க்கச் சொன்னதையும் சொன்னேன். டாக்டர் தலையாட்டினார். "மூடிப் பாத்தது நல்லதுதான். ஆனா ஒண்ணு ஐயா, எந்தக் கண்ணுன்னு தெரியாட்டியும், புதுசா மின்னலும் புள்ளியும் வந்தா வந்துரணும். வீட்டுல தீர்ப்பு சொல்லக்கூடாது." முதல் வாக்கியம் எனக்கு, இரண்டாவது, மூன்றாவது என் மனைவிக்கு. அவள் இன்றுவரை அவற்றைத்தான் திருப்பிச் சொல்கிறாள்.

கண்ணை மரக்கச் செய்து, மிஷின் முன் உட்கார வைத்து, பச்சை வெளிச்சத்தில் லேசர் போட்டார்கள். நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது. மறு பார்வையிலும், அதற்கடுத்த பார்வையிலும் வட்டம் நன்றாக இறுகியிருப்பதாகச் சொன்னார்கள். சில புள்ளிகள் இன்னும் மிதக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு என் பெயர் வைத்திருக்கிறாள்: எங்கே திரும்பினாலும் குறுக்கே வருகிறதாம்.

பிரச்சினை பிறகுதான் வந்தது. முசிறியில் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் என் மனைவி கதை சொல்கிறாள். காலையில் மின்னல் வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனேன், டாக்டர் தங்கமானவர், லேசர் போட்டார், ரங்கநாதர் காப்பாற்றினார். ஆட்டோக்காரர்கூட வருகிறார், நல்லபடியாக ஓட்டினாராம். சென்னையிலிருந்து வந்திருந்த மகள், நல்ல நேரத்துக்கு அம்மாவுக்குப் போகணும்னு தோணுச்சு என்கிறாள். இலையில் பாயசம் ஊற்றுகிறவர்வரை எல்லோருக்கும் இடம் இருக்கிறது, எனக்கு இல்லை.

"கையால மூடச் சொன்னது யாரு?" என்று கேட்டேன், கொஞ்சம் சத்தமாக.

"அதுக்கு முன்னாடி பேசாம படுன்னு சொன்னது யாரு?" என்றாள்.

பந்தி சிரித்தது. மகள், "அப்பா, உங்களை விட்டுட்டுச் சொன்னா உங்களுக்குத்தானே நல்லது" என்றாள். எனக்கு நல்லது வேண்டாம். காலையிலிருந்து மதியச் சாப்பாடு வரை நடந்தது என் தப்பு. அதை என் பெயரிலேயே எழுதிக்கொள்ளட்டும், கல்வெட்டில் வெட்டினாலும் சரி. ஆனால் ஜன்னலைச் சாத்தியது நான். வலது கண்ணை மூடு என்றது நான். எனக்குப் பிடிக்காத பதில் வந்தபோது, இரண்டே தடவை மறுத்துவிட்டு, மூன்றாவது தடவை நம்பியதும் நான்தான். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். அவள் இடது கண் இன்று மலைக்கோட்டையைப் பார்க்கிறது என்றால் அதில் ஒரு பங்கு எனக்கு உண்டு. பெரிய பங்கு கேட்கவில்லை. இனி இந்தக் கதையை யார் எங்கே சொன்னாலும் டாக்டரைச் சொல்லுங்கள், லேசரைச் சொல்லுங்கள், ரங்கநாதரையும் சொல்லுங்கள். ஆட்டோக்காரரைச் சொல்வதற்கு முன்னால் என்னைச் சொல்ல வேண்டும்.